சந்தாதாரரிடமே சந்தா கேட்ட பெட்டி

பினாங்குச் செய்திகளை வாரந்தோறும் மின்மடலாக அனுப்புகிறோம். மடலின் இணைப்பைத் தட்டி நம் இணையதளத்துக்கு வந்தவரையே, திரையில் திடீரென முளைக்கும் ஒரு பெட்டி மறித்து, சந்தா சேரச் சொன்னது. "நான்தான் ஏற்கெனவே சேர்ந்துவிட்டேனே தம்பி!" என்று பட்டர்வொர்த் அக்கா ஒருவர் எழுதினார். நியாயமான கோபம்.

மடலின் எல்லா இணைப்புகளிலும் `utm_medium=email` சேர்த்தேன். முகவரியில் அது இருந்தால் உலாவியின் `localStorage` பகுதியில் ஒரு குறிப்பு பதியும். பிறகு பெட்டி திறக்காது. பெட்டியை மூடியவருக்கும் அதே ஏற்பாடுதான்.

ஆனால் ஐபோனின் சஃபாரி உலாவி, வாசகர் அதைப் பயன்படுத்தும் 7 நாள்களுக்குள் நம் பக்கம் வந்து எதையும் தட்டாவிட்டால் அந்தக் குறிப்பை அழித்துவிடும். நேரடியாக வரும் பழைய சந்தாதாரருக்குப் பெட்டி மீண்டும் முளைக்கும். அதனால் கைப்பேசியில் பெட்டியையே எடுத்துவிட்டு, கட்டுரையின் முடிவில் படிவத்தை வைத்தேன். படித்து முடித்தவரிடம் கேட்பதுதான் மரியாதை.