சென்னையிலிருந்து திரும்பும்போது மிஞ்சுகிற ரூபாயை எங்கே மாற்றுவது

கல்யாணம், கோயில், ஜவுளி எல்லாம் முடிந்து, கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது பையைப் பார்த்தால் இன்னும் பதினெட்டாயிரம் ரூபாய் இருக்கும். ஏர்போர்ட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள், அங்கேதான் அதிகம் போகும்.

எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிங்கப்பூர் டாலரின் சந்தை விலை 65 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள் (அன்றைய விலையை போனில் தேடினால் வந்துவிடும்). தி.நகரிலோ மவுண்ட் ரோடிலோ ஒரு மணி சேஞ்சர் 66-க்கு டாலர் கொடுக்கிறார், ஏர்போர்ட் கவுண்டரில் 71 என்று போட்டு, அதற்கு மேல் சேவைக் கட்டணமாக 200 ரூபாயும் கேட்கிறார்கள் என்றால், ஊருக்குள் உங்களுக்கு 270 டாலர் கிடைக்கும், ஏர்போர்ட்டில் 250. இருபது டாலர், அதாவது 1,300 ரூபாய், சும்மா போகிறது. இந்த ரேட்டெல்லாம் உதாரணத்துக்குத்தான், ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். போர்டில் இரண்டு விலை இருக்கும், வாங்கும் விலை, விற்கும் விலை. உங்களுக்கு அவர்கள் டாலர் விற்கிறார்கள், அதனால் பெரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவே இடைவெளி அகலமாக இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். "கமிஷன் இல்லை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், கமிஷன் அந்த இடைவெளிக்குள்ளேயே இருக்கிறது.

ஜிஎஸ்டி எங்கே மாற்றினாலும் உண்டு. ஒரு லட்சம் வரைக்கும் மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை, குறைந்தது 250 ரூபாயை, மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன் மேல் 18 சதவீத வரி. அப்படியென்றால் ரெண்டாயிரம் மாற்றினாலும் இருபதாயிரம் மாற்றினாலும் வரி 45 ரூபாய்தான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாக நாலு தடவை மாற்றாமல் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

போவதற்கு முன் பாஸ்போர்ட், உறுதியான டிக்கெட், அப்புறம் வந்திறங்கியபோது டாலரை ரூபாயாக மாற்றினீர்களே, அந்த ரசீது, மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரசீதை என்கேஷ்மென்ட் சர்டிபிகேட் என்பார்கள், முதல் நாளே பாஸ்போர்ட்டுக்குள் செருகி வைத்தால் தொலையாது. அது இல்லையென்றால், கிளம்ப ஏழு நாளுக்குள் இருந்தால் 10,000 ரூபாய் வரைக்கும் மணி சேஞ்சர் தன் விருப்பப்படி மாற்றித் தரலாம், கட்டாயம் கிடையாது. ஏடிஎம்மில் எடுத்தவர்களுக்கு ஏடிஎம் சீட்டைக் காட்டி மாற்றும் வசதி இருக்கிறது, ஆனால் அது வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குத்தான், இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐக்களுக்கு இல்லை. என்ஆர்ஐக்கு அதைவிட எளிய வழி உண்டு, இங்கே என்ஆர்ஓ கணக்கு இருந்தால் பேசாமல் அதில் போட்டுவிடலாம்.

அப்படியே கொண்டுபோகவும் செய்யலாம். வெளிநாட்டில் வசிப்பவர் ஏர்போர்ட் வழியாகப் போனால் 25,000 ரூபாய் வரைக்கும் எடுத்துச் செல்லலாம் (பாகிஸ்தான், வங்கதேசக் குடிமக்களுக்கு இது இல்லை). சிங்கப்பூர்க்காரர்களுக்கு லிட்டில் இந்தியாவிலும் மலேசியர்களுக்கு மஸ்ஜித் இந்தியாவிலும் ரூபாய் வாங்கும் கடைகள் உண்டு, அங்கே கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். அடுத்த வருடமே திரும்ப வருவீர்கள் என்றால் மாற்றாமல் வைத்துக்கொள்வதுதான் லாபம், 500, 200, 100 நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் பழைய 500, 1000 செல்லாமல் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும், 2023 மே மாதம் 2000 நோட்டைத் திரும்பப் பெற்றார்கள். டொரொண்டோ வீட்டு அலமாரியில் 2000 நோட்டு கிடந்தால் அது செல்லாக்காசு இல்லை, ஆனால் மணி சேஞ்சரிடம் போகாமல் சென்னை ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

சில்லறைக் காசை எந்த மணி சேஞ்சரும் வாங்க மாட்டார், எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி. டாலரும் நோட்டாகத்தான் தருவார்கள், பத்துப் பத்து டாலராகத் தருகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் மேலே சொன்ன ஊர்க்கடைக் கணக்கில் வரி போக 135 ரூபாய் கையில் நிற்கும். அதையும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகளையும் கடைசி நாளில் ஆட்டோவுக்கும் கோயில் உண்டியலுக்கும் தீர்த்துவிடலாம். ஹோட்டலில் தங்கியிருந்தால் இன்னும் நல்லது, மிச்சமிருக்கும் ரூபாயை பில்லில் ஒரு பகுதியாகக் கட்டிவிட்டு மீதியை மட்டும் கார்டில் தேயுங்கள். ஒட்டுப் போட்ட நோட்டும் ஓரம் கிழிந்த நோட்டும் வந்தால் ஏதாவது ஒரு வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக் கடைக்காரர் அதைத் தொடவே மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் மூடியிருக்கும், திங்கள் விடிகாலை விமானம் என்றால் சனிக்கிழமையே வேலையை முடித்துவிடுங்கள். கடைக்குப் போகும் முன் போன் போட்டு, "இவ்வளவு ரூபாய்க்கு எல்லாம் போக எத்தனை டாலர் கையில் தருவீர்கள்" என்று கேளுங்கள். வெறும் ரேட்டைக் கேட்டால் கட்டணத்தைச் சொல்ல மாட்டார்கள்.