கடன் பாக்கி உள்ள காரை வாங்கும்போது: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும், பணத்தை யாருக்குக் கட்ட வேண்டும்

தனியாரிடம் பழைய கார் வாங்கப் போனால், விலை பேசுவதற்கு முன்பே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: வண்டி மேல் கடன் இருக்கிறதா? "கொஞ்சம் பாக்கி இருக்கு, நீங்க பணம் குடுத்ததும் கட்டிடுவேன்" என்று பதில் வரலாம். சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் பல நாடுகளில் கடன் கொடுத்த நிறுவனத்தின் உரிமை வண்டியை விட்டுப் போகாது. அவர் கட்டாமல் விட்டால், முழு விலை கொடுத்து நீங்கள் வாங்கிய காரை அந்த நிறுவனம் எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

அவர் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். சில நாடுகளில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் கடன் இருக்கிறதா என்று காட்டும் பதிவேடு உண்டு. வேறு சில இடங்களில் கடன் தீரும்வரை உரிமைப் பத்திரத்தின் அசலை நிறுவனமே வைத்திருக்கும். அங்கே அசலைக் கேட்டால் நகலை மட்டும் நீட்டுபவரிடம், அசல் எங்கே என்று விடாமல் கேளுங்கள்.

சேசிஸ் எண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் காரிலிருந்தே பாருங்கள். முன்கண்ணாடியின் கீழ் மூலையிலோ, கதவைத் திறந்தால் தெரியும் தூணிலோ இருக்கும். இப்போதைய கார்களில் 17 எழுத்தும் எண்ணும் சேர்ந்தது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்பதால் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் அதில் வராது. தாளில் அவற்றில் ஒன்று இருந்தால், எழுதியவர் தவறினார், அல்லது தாளே சரியில்லை. ஒருவர் வாசிக்க மற்றவர் விரல் வைத்துச் சரிபார்த்தால் இரண்டு நிமிட வேலை.

சரி, கடன் இருக்கிறது, காரும் பிடித்திருக்கிறது என்றால் விட்டுவிட வேண்டியதில்லை. விலை 100 பங்கு, கடன் பாக்கி 40 பங்கு என்று வைத்துக்கொள்வோம். இன்ன தேதிவரை இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கித் தரச் சொல்லுங்கள். வட்டி நாளுக்கு நாள் ஏறும், ஆகவே தேதி முக்கியம். கடிதத்தில் உள்ள கணக்கு எண் நிறுவனத்துடையதுதானா என்று, அவர் தரும் தொலைபேசி எண்ணில் கேட்காமல், நீங்களே தேடி எடுத்த எண்ணில் கேட்டு உறுதி செய்யுங்கள். அப்புறம் 40 பங்கை நேராக அந்தக் கடன் கணக்கில் கட்டுங்கள். மீதி 60 பங்கை, கடன் தீர்ந்த கடிதமோ அசல் பத்திரமோ வந்த அன்று, காரையும் சாவியையும் வாங்கும்போது விற்பவருக்குக் கொடுங்கள். சில நாள் காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை.

40 பங்கைக் கட்டுவதற்கு முன்பே ஒப்பந்தத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும். யாருக்கு எவ்வளவு, எப்போது என்பதை அதில் அப்படியே எழுதுங்கள். "கடன் தீராவிட்டால் வாங்கியவர் கட்டிய தொகை முழுவதையும் விற்பவர் திருப்பித் தருவார்" என்ற வரியும் இருக்கட்டும். பெயர், முகவரி இரண்டையும் அடையாள அட்டையைப் பார்த்து எழுதுங்கள். பத்திரத்தில் உள்ள உரிமையாளர்தான் கையெழுத்திட வேண்டும், தம்பியோ நண்பரோ அல்ல. ஓடிய தூரம், சொல்லப்பட்ட பழுதுகள், சாவிகளின் எண்ணிக்கை ஆகியவையும் வேண்டும். "கிளட்ச் போன வருஷம் மாத்தினது" என்று வாயால் சொன்னாரா? அதையும் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால், அந்தப் பேச்சை விலையில் கணக்கில் எடுக்காதீர்கள். கார் கை மாறும் அன்று, நேரத்தை மணி நிமிடத்தோடு இரண்டு பிரதியிலும் குறியுங்கள். அன்று காலை அவர் வாங்கிய அபராதச் சீட்டு உங்கள் தலையில் விழாமல் இருக்க அதுதான் ஆதாரம்.

வரியைக் குறைக்க, விலையைக் குறைத்து எழுதலாம் என்று சிலர் கேட்பார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். அது வரி ஏய்ப்பு. தவிர, பணத்தைத் திரும்பக் கேட்கும் நிலை வந்தால் தாளில் உள்ள தொகையைத்தான் உங்களால் நிரூபிக்க முடியும்.

நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம் வங்கி. புதுக் கணக்கில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்ற வரம்பு இருக்கலாம். புதிதாகச் சேர்த்த பெயருக்கு முதல் தடவை அனுப்பும்போது நிறுத்தியும் வைக்கலாம். முந்தின வாரமே வங்கியில் கேட்டு வரம்பை உயர்த்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பணம் போகாமல் இருவரும் நிற்கும்போது "மீதியைக் கையில் குடுங்க" என்று பேச்சு மாறும். ரொக்கமாகக் கொடுத்தே ஆக வேண்டுமானால், வங்கிக்குள்ளேயே எண்ணிக் கொடுத்து, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய ரசீதில் அங்கேயே கையெழுத்து வாங்குங்கள்.