மாடி அறைக்குத் தனி டிபி: எத்தனை ஆம்பியர் பிரேக்கர், எவ்வளவு தடிமன் வயர்?

மதுரையில் என் தம்பி வீட்டு மொட்டை மாடியில் ஓர் அறை கட்டினார்கள். கீழ் வீட்டு பிளக் பாயின்டிலிருந்து 2.5 ஸ்கொயர் வயரை இழுத்து அதற்குக் கரண்ட் கொடுத்திருந்தார்கள். ஏசி மாட்டிய முதல் கோடையிலேயே பைப்புக்குள் இருந்த வயரின் உறை விறைத்து, வளைத்தால் விண்டுபோகும் நிலைக்கு வந்துவிட்டது. அதையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, பிரேக்கர்கள் அடங்கிய மின் பெட்டியான டிபி ஒன்றை மாடிக்கென்று தனியாக வைத்துப் புதிதாகச் செய்ததைத்தான் இங்கே சொல்கிறேன். கணக்கை நீங்களே போடலாம். இணைப்பு வேலைக்கு உரிமம் உள்ள வயர்மேனை வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் லோடு. ஒன்றரை டன் ஏசி 1700 வாட், கீசர் 2000, லைட், ஃபேன், டிவி எல்லாம் சேர்த்து 400. மொத்தம் 4100 வாட். இதை 230 வோல்ட்டால் வகுத்தால் ஏறத்தாழ 18 ஆம்பியர். அதற்கு மேலே உள்ள பிரேக்கர் அளவு 20. ஏசியும் கீசரும் சேர்ந்து நெடுநேரம் ஓடும் என்பதால் 25 ஆம்பியர், சி வகை, டபுள் போல் எம்சிபி எடுத்தோம். இந்தக் கூடுதல் லோடு மின்வாரியம் உங்களுக்கு அனுமதித்த அளவுக்குள் வருகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்து வயர். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். பைப்புக்குள் போகும் 4 ஸ்கொயர் செம்பு வயர் 32 ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். ஆனால் அது சுற்றுவெப்பம் 30 டிகிரியாக இருக்கும்போது. மேற்குச் சுவரில் வெயில் படும் பைப்புக்குள் 50 டிகிரி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சூட்டில் சாதாரண பிவிசி வயரின் திறன் 0.71 மடங்காகக் குறையும். 32 என்பது 22.7 ஆகிவிடும். பிரேக்கரோ 25. அதாவது பிரேக்கர் விழுவதற்கு முன்பே வயர் சூடாகிவிடும். 6 ஸ்கொயர் வயருக்கு அட்டவணை அளவு 41, வெயிலில் 29. அதனால் 6 ஸ்கொயரே போட்டோம். எர்த் வயரும் அதே 6 ஸ்கொயர்தான், பச்சை நிறம். உங்கள் வீட்டில் மாடிப்படி வழியாக முழுக்க நிழலிலேயே பைப் கொண்டுபோக முடிந்தால் 4 ஸ்கொயர் போதும். 40 டிகிரியில் அது 27 ஆம்பியருக்கு மேல் தாங்கும்.

தூரம் 20 மீட்டர். 6 ஸ்கொயரில் முழு லோடுக்கு இரண்டரை வோல்ட் அளவுக்குத்தான் இறங்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் உதவும்.

25 ஆம்பியர் எம்சிபி எங்கே? கீழே, மெயின் டிபியில். வயர் எங்கே புறப்படுகிறதோ அங்கேதான் அதற்குக் காவல் வேண்டும். மாடியில் வைத்தால் நடுவில் உள்ள 20 மீட்டர் வயருக்கு வீட்டு மெயின் பிரேக்கர் மட்டுமே காவல். அது விழும்போது வயர் கெட்டிருக்கும்.

மாடி டிபி. அறைக்குள், குளியலறைக்கு வெளியே, தோள் உயரத்தில் பொருத்துங்கள். வரும் லைன் முதலில் 40 ஆம்பியர் டபுள் போல் ஐசோலேட்டருக்கும், அங்கிருந்து 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபிக்கும் போகட்டும். அந்த அளவு கரண்ட் கசிந்தாலே லைனைத் துண்டிப்பதுதான் ஆர்சிசிபி. அதன் பிறகு மூன்று எம்சிபி: ஏசிக்கு 20 (4 ஸ்கொயர் வயர்), கீசருக்கு 16 (2.5), லைட் மற்றும் சிறிய பிளக்குகளுக்கு 10 (1.5).

வேலை தொடங்குமுன் மெயினை ஆஃப் செய்யுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் ஆஃப் செய்ய வேண்டும். மெயின் போனாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும். டெஸ்டரை முதலில் கரண்ட் உள்ள இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

மூன்று சர்க்யூட்டின் நியூட்ரலும் ஆர்சிசிபிக்கு அப்புறம் உள்ள நியூட்ரல் பாரில் மட்டுமே சேர வேண்டும். எர்த் பாருடன் அதை இணைக்கக் கூடாது. கீழ் வீட்டு நியூட்ரலோ இன்வெர்ட்டர் நியூட்ரலோ இதில் கலக்கக் கூடாது. கலந்தால் ஏசி போட்ட கணமே ஆர்சிசிபி விழும். பலர் ஆர்சிசிபி கெட்டுவிட்டது என்று நினைத்து அதையே கழற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், நியூட்ரலைத் தேடுங்கள். பல இழை வயரின் முனையில் லக் போட்டு முறுக்கி, ஒவ்வொன்றையும் கையால் இழுத்துப் பாருங்கள்.

சோதனை. கரண்ட் கொடுக்குமுன், எந்தச் சாதனமும் மாட்டாமல், வயர் உறையைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகரில் வயர்களுக்கு இடையிலும் எர்த்துக்கும் பார்க்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ உறை கிழிந்திருக்கிறது. கரண்ட் கொடுத்ததும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும்.

பிறகு ஏசியையும் கீசரையும் சேர்த்து ஓடவிட்டு, கீழ் டிபியிலும் மாடி டிபியிலும் வயர்மேனை வோல்ட் அளக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு முதலில் 6 வோல்ட் வித்தியாசம் வந்தது. கணக்குப்படி இரண்டரைதான் இருக்க வேண்டும். மெயினை ஆஃப் செய்து பார்த்தால், ஐசோலேட்டரின் நியூட்ரல் ஸ்க்ரூ வயரின் உறையைக் கடித்துக்கொண்டிருந்தது. உறையைச் சீவி மறுபடி முறுக்கியதும் வித்தியாசம் இரண்டரை வோல்ட்டுக்கு வந்துவிட்டது.