சோல் பிய்ந்த ஷூவும் கம்பெனிக்கு எழுதும் கடிதமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்து வரும்போது என் மச்சானின் வலது ஷூ முன்பக்கம் வாய் பிளந்துவிட்டது. ஏப்ரல் 12-ல் வாங்கியது, பிளந்தது ஜூன் 3-ல். மொத்தம் 52 நாள். வீட்டுக்கு வந்ததும் அவர் பெட்டிக்கடையில் வாங்கிய பசை ட்யூபைத் திறக்கப் போனார். "மச்சான், அதுல மட்டும் கை வைக்காதீங்க" என்று கையைப் பிடித்தேன்.

பெரும்பாலானோர் செய்யும் முதல் தவறு அதுதான். தானே ஒட்டிவிடுவது, இல்லாவிட்டால் தெருமுனையில் கொடுத்துத் தைத்துக்கொள்வது. அதன்பிறகு கம்பெனி பார்க்கும்போது அவர்கள் போட்ட பசை எது, நீங்கள் போட்டது எது என்று தெரியாது. "வெளியில் ரிப்பேர் செய்திருக்கிறீர்கள்" என்ற ஒரே வரியில் கதை முடிந்துவிடும்.

ஒட்டாமல் வைத்தால் அந்தப் பிளவே பேசும். இன்றைய ஷூக்களில் பெரும்பாலும் சோலைத் தைப்பதில்லை, பசையில்தான் ஒட்டுகிறார்கள். மேல்பாகத்தின் அடியை உரசிச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, காயவிட்டு, சூடாக்கி அழுத்துவார்கள். உரசுவது குறைந்தாலோ, அழுத்துவதற்குள் பசை ஆறிவிட்டாலோ பிடிப்பு இருக்காது. அப்படிப் பிரிந்த சோலில் பசை ஒரு படலமாக அப்படியே நிற்கும், மேல்பாகம் வழவழவென்று வெறுமையாக இருக்கும். பசை நன்றாகப் பிடித்திருந்தால் பிரியும்போது மேல்பாகத்தின் நாரும் துணியும் பிய்ந்து சோலோடு வரும். சோலே பிஸ்கட் போல உதிர்ந்தால் அது வேறு கேஸ். பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் சோல் காற்றின் ஈரத்தில் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நொறுங்கிப்போகும், பெட்டியிலேயே இருந்தாலும் இது நடக்கும். அந்த நேரத்தில் தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள், பழைய ஸ்டாக்கை உங்களிடம் தள்ளியிருக்கலாம்.

மச்சானின் ஷூ முதல் வகை. பகல் வெளிச்சத்தில் பிளவை விரித்து நாலு படம் எடுத்தோம், ஒன்றில் பக்கத்தில் ஸ்கேல் வைத்து.

அடுத்த தவறு பெட்டியைத் தூக்கிப்போடுவது. தயாரிப்பாளரின் பெயர், முகவரி, தயாரித்த மாதம், விலை, புகாருக்கான தொடர்பு எல்லாம் அந்த லேபிளில்தான் இருக்கும். பில்லும் அப்படித்தான். கடைகளில் தரும் வழவழப்பான பில் வெயிலிலும் பர்ஸிலும் கிடந்து சில மாதத்தில் வெளுத்துவிடும். வாங்கிய அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

அப்புறம் கடிதம். "உங்கள் பொருள் படுமோசம், மக்களை ஏமாற்றுகிறீர்கள்" என்று ஒரு பக்கம் எழுதுகிறார்கள். கோபம் நியாயமானதுதான், ஆனால் படிப்பவருக்கு அதில் சரிபார்க்க ஒன்றும் கிடைக்காது. நாங்கள் எழுதியதன் நடுப்பகுதி இது:

"12.04.2025 அன்று கிருஷ்ணகிரியில் 1,299 ரூபாய்க்கு வாங்கினேன். பில் நகலும் பெட்டி லேபிளின் படமும் இணைத்துள்ளேன். வாரம் 6 நாள் அலுவலகத்துக்கு அணிந்தேன், இரண்டு முறை மழையில் நனைந்தது. 03.06.2025 அன்று வலது ஷூவின் சோல் முன்முனையிலிருந்து 6 செ.மீ. பிரிந்தது. பசை முழுவதும் சோலிலேயே நிற்கிறது, மேல்பாகத்தில் இல்லை, துணி கிழியவில்லை. எந்த ரிப்பேரும் செய்யவில்லை. புது ஜோடி அல்லது முழுத் தொகையை 15 நாளுக்குள் தருமாறு கேட்கிறேன்."

மழையில் நனைந்ததை எழுத வேண்டாம் என்று மச்சான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. உள்ளே தண்ணீர்க் கறை இருந்தது, மறைத்தால் மற்ற வரிகளையும் சந்தேகப்படுவார்கள். கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். "தகுந்த நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்தால் அடுத்த முறைக்கு ஒரு தள்ளுபடி கூப்பன் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்பார்கள்.

கடையில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுக் காத்திருப்பதும் தவறு. பெட்டியில் வாரண்டி நாள் குறித்திருந்தால் அது பில் தேதியிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். பிளவைப் பார்த்த வாரத்திலேயே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் கடித நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கம்பெனி ஆக்ராவில் இருந்தாலும் தருமபுரிக்காரர் தருமபுரியிலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது.

எங்களுக்கு 11-ம் நாள் போன் வந்தது, ஷூவைப் பார்க்க வேண்டும், கூரியர் ஆளை அனுப்புகிறோம் என்று. கொடுப்பதற்கு முன் இரண்டு ஷூவையும் மறுபடி படம் எடுத்தோம். "ஷூ 1 ஜோடி, வலது சோல் பிரிந்துள்ளது, ரிப்பேர் செய்யப்படவில்லை" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகுதான் மச்சான் பெட்டியைக் கொடுத்தார்.