ஹெபடைட்டிஸ் சி: ‘ரியாக்டிவ்’ என்றதும் மாத்திரை எழுதாதீர்கள்

ஒவ்வொரு ஆண்டும் கல்லீரல் ஓ.பி.க்குப் புது டாக்டர்கள் வருகிறார்கள். கூடவே அதே ஏழெட்டு தவறுகளும் வந்து சேர்கின்றன. நாங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த காலத்தில் செய்தவைதான், புதிதாக ஒன்றுமில்லை. டோஸை மாற்றி எழுதுவது, கையெழுத்து புரியாமல் போவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை மருந்து கொடுக்கும் இடத்திலேயே பிடித்துவிடுவார்கள். யாரும் பிடிக்காமல் நோயாளி தலையில் போய் விடிகிற தவறுகளை மட்டும் பார்ப்போம். அதிலும் முதலாவது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது.

ஆன்டிபாடியை வைரஸ் என்று நினைப்பது

அறுவைசிகிச்சைக்கு முன்பும் ரத்ததானத்தின்போதும் செய்கிற ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை பெரும்பாலும் ஆன்டிபாடி பரிசோதனைதான். சின்ன பிளாஸ்டிக் அட்டையில் ஒரு சொட்டு; ‘சி’ கோட்டோடு ‘டி’ கோடும் தெரிந்தால் ‘ரியாக்டிவ்’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அந்த இரண்டாவது கோடு சொல்வது ஒன்றே ஒன்று: இந்த உடம்பு எப்போதோ இந்த வைரஸைப் பார்த்திருக்கிறது. வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறதா என்பதை அது சொல்வதில்லை.

தொற்று ஏற்பட்டவர்களில் நூற்றுக்கு 15 முதல் 45 பேருக்கு எந்த மருந்தும் இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் தானே போய்விடுகிறது. அவர்களுக்கும் இரண்டாவது கோடு வரும். மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்களுக்கும் வரும், பெரும்பாலும் ஆயுள் முழுக்க. ஆக, வைரஸ் உள்ளவர், தானாகத் தப்பித்தவர், மருந்தால் குணமானவர் என மூன்று பேர் ஒரே ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம். சில நேரம் தொற்றே இல்லாதவருக்கும் பொய்யாகக் கோடு விழும்.

இவர்களைப் பிரித்துக் காட்டுவது ஆர்.என்.ஏ. பரிசோதனை. ரத்தத்தில் வைரஸின் மரபுப்பொருள் இருக்கிறதா, ஒரு மில்லியில் எத்தனை யூனிட் என்று பி.சி.ஆர். முறையில் எண்ணிச் சொல்வது. அதில் வைரஸ் தெரிந்தால்தான் தொற்று உறுதி. ஆறு மாதம் தாண்டியும் நீடித்தால் நாள்பட்ட தொற்று.

ஒரு நோயாளியின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றித்தான். தையற்காரர், 52 வயது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் போன இடத்தில் ரியாக்டிவ். எங்களிடம் வந்தபோது ஆர்.என்.ஏ. பார்த்தோம்: 8,40,000 யூனிட். சரி, தொற்று உண்மை. அடுத்த கேள்வி, கல்லீரல் எவ்வளவு தழும்பேறியிருக்கிறது என்பது. அதற்கு எடுத்ததும் விலையுயர்ந்த ஸ்கேன் வேண்டாம், ஏ.எஸ்.டி. என்ற நொதியும் தட்டணுக்களும் போதும். அவருடைய ஏ.எஸ்.டி. 64, அந்த லேபில் இயல்பின் உச்சவரம்பு 40. வகுத்தால் 1.6. தட்டணுக்கள் 1,80,000, அதை 180 என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 1.6-ஐ 180-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் ஏறக்குறைய 0.9. இதுதான் ஏப்ரி மதிப்பு. 2-ஐத் தொட்டால் சிரோசிஸ் என்று எடுத்துக்கொள்வோம். இவருக்கு அது இல்லை. வயிற்று ஸ்கேனும் அதையே சொன்னது.

தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018 ஜூலையில் தொடங்கியதிலிருந்து பரிசோதனையும் மாத்திரையும் அரசு மையங்களில் இலவசம். சிரோசிஸ் இல்லாததால் அவருக்கு சோஃபோஸ்புவிர் 400 மில்லிகிராம், டக்லாடாஸ்விர் 60 மில்லிகிராம், தினமும் ஒரு வேளை, 12 வாரம். ஒரு டப்பாவில் 28 மாத்திரை என்பதால் மூன்று டப்பா முடிந்தால் 84 நாள் சரியாக வரும். 2024 ஜனவரி 1-இல் தொடங்கினார், மார்ச் 24-இல் முடித்தார். அதிலிருந்து 12 வாரம் கழித்து, ஜூன் 17 திங்களன்று எடுத்த ரத்தத்தில் வைரஸ் இல்லை. குணமாகிவிட்டார்.

அடுத்த ஆண்டு கண்புரை ஆபரேஷனுக்காக ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். அங்கே அட்டைப் பரிசோதனை. ரியாக்டிவ்தானே வரும்? “உங்களுக்கு நோய் திரும்பிடுச்சு” என்று சொல்லி ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். (வைரஸ் உண்மையிலேயே இருந்தாலும் அதற்காக ஆபரேஷனை மறுக்கக் கூடாது, கையுறையும் கருவிச் சுத்தமும் எல்லா நோயாளிக்கும் ஒன்றுதான்.) பழைய மாத்திரைக்கு அடங்கவில்லை என்று முடிவுகட்டி, ஒரு இளம் டாக்டர் சோஃபோஸ்புவிர், வெல்படாஸ்விர், அதோடு ரிபாவிரினும் எழுதிக் கொடுத்தார். ஊரில் யாருக்கும் தெரியக் கூடாதென்று இவரும் எங்களிடம் வராமல் கைக்காசு போட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

ரிபாவிரின் சிவப்பணுக்களை உடைக்கும் மருந்து. ஐந்து வாரம் கழித்து எங்களிடம் வந்தபோது படியேறினால் மூச்சு வாங்கியது. 13.5 ஆக இருந்த ஹீமோகுளோபின் 9.8. “டாக்டர், மறுபடியும் வந்துடுச்சாமே” என்றுதான் பேச்சையே தொடங்கினார். ஃபைலைப் புரட்டினால், மாத்திரை தொடங்கும் முன் ஆர்.என்.ஏ. பார்த்ததற்கான தாளே இல்லை.

எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். அன்று ரத்தம் எடுத்துப் பார்த்தோம், வைரஸ் இல்லை. ஆனால் அந்த விடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஐந்து வாரம் மாத்திரை சாப்பிட்டவருக்கு வைரஸ் இருந்திருந்தாலும் அதற்குள் மறைந்திருக்கும். நோய் திரும்பியதா, திரும்பவே இல்லையா என்று அன்றைக்குச் சொல்ல வழியில்லை. மாத்திரையை நிறுத்தி, மேலும் 12 வாரம் காத்திருந்து, மறுபடி பார்த்த பிறகுதான் “உங்களுக்கு எதுவும் திரும்பவில்லை” என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. தொடங்கும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்திருந்தால் இத்தனையும் மிச்சம்.

அதனால் இப்போது குணமானவர்கள் கையில் ஒரு கடிதம் கொடுத்தனுப்புகிறோம். மருந்தின் பெயர், தொடங்கிய தேதி, முடித்த தேதி, 12 வாரம் கழித்து எடுத்த ஆர்.என்.ஏ. முடிவு, அப்புறம் ஒரு வரி: ‘இவருக்கு ஆன்டிபாடி தொடர்ந்து ரியாக்டிவ் ஆகவே வரும், சந்தேகம் இருந்தால் ஆர்.என்.ஏ. மட்டும் பார்க்கவும்.’ லேமினேட் செய்து வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டயாலிசிஸில் இருப்பவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வைரஸ் இருந்தும் ஆன்டிபாடி உருவாகாமல் போகலாம். புதிதாகத் தொற்றியவர்களுக்கும் முதல் இரண்டு மூன்று மாதம் கோடு தெரியாமல் இருக்கலாம். வைரஸோ ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தில் தெரியும். இவர்களிடம் அட்டையில் ஒரே கோடு வந்தது என்று நிம்மதியாகிவிடக் கூடாது.

கடைசி மாத்திரை அன்றே ‘குணம்’ என்று எழுதுவது

மாத்திரை சாப்பிடும்போது ஏறக்குறைய எல்லோருக்கும் வைரஸ் மறைந்துவிடும். அது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம்; குணத்துக்கு அடையாளம் அல்ல. கல்லீரல் செல்களில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், மருந்தின் பிடி விலகிய சில வாரங்களில் மறுபடி பெருகி ரத்தத்துக்கு வந்துவிடும். அதனால்தான் 12 வாரம் கழித்துப் பார்ப்பது. அப்போதும் இல்லையென்றால், அதே தொற்று பிறகு திரும்புவது மிக மிக அரிது. ஹெபடைட்டிஸ் பி போல இது செல்லின் கருவுக்குள் போய்ப் பதுங்குகிற வைரஸ் அல்ல என்பதால், ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்று மழுப்பாமல் ‘போய்விட்டது’ என்றே சொல்லலாம். 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்குக் குறையாமல் இந்த நிலையை அடைகிறார்கள்.

ரிப்போர்ட்டை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ‘டார்கெட் நாட் டிடெக்டட்’ என்றால் வைரஸ் தென்படவில்லை. ‘டிடெக்டட்’ என்று போட்டு 15-க்குக் கீழே என்று இருந்தால், தென்படுகிறது, ஆனால் எண்ணும் அளவுக்கு இல்லை என்று பொருள். இரண்டையும் ஒன்றாகப் படித்துக் குணம் என்று எழுதுகிறார்கள். 12-ஆவது வாரத்தில் இரண்டாவது வகை வந்தால், சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி பார்க்காமல் தொடங்குவது

இரண்டு வைரஸும் சேர்ந்திருக்கும் உடம்பில் பெரும்பாலும் சி, பி-யை அடக்கி வைத்திருக்கும். சி-யை விரட்டியதும் பி தலைதூக்கி, கல்லீரல் செயலிழந்து உயிர்போனவர்கள் உண்டு. முதல் மாத்திரைக்கு முன்பே ஹெச்.பி.எஸ். ஆன்டிஜென் பாருங்கள்.

வெல்படாஸ்விரோடு ஒமிப்ரசோல்

வயிற்றில் அமிலம் குறைந்தால் வெல்படாஸ்விர் சரியாக உறிஞ்சப்படாது. கேஸ் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று தனியாகக் கேளுங்கள்; நம் ஊரில் அதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. முடிந்தால் நிறுத்துங்கள்.

வலிப்பு மாத்திரை, டிபி மாத்திரை

ஃபெனிடோயின், கார்பமசெபின், ரிஃபாம்பிசின்: கூடாது.

அமியோடரோன்

சோஃபோஸ்புவிரோடு சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையும்.

வைரஸ் எண்ணிக்கையைப் பார்த்துப் பயமுறுத்துவது

எட்டு லட்சமோ எண்பது லட்சமோ, கல்லீரல் எவ்வளவு கெட்டது என்பதோடு அதற்குத் தொடர்பில்லை.

‘குணமாகிவிட்டது, இனி வரவேண்டாம்’

தையற்காரரிடம் ஹெபடைட்டிஸ் சி-யைப் பொறுத்தவரை இப்படிச் சொல்லலாம். சிரோசிஸ் இருந்தவரிடம் சொல்லக் கூடாது. வைரஸ் போனாலும் தழும்பு உடனே போவதில்லை. கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறையுமே தவிர மறையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று அல்ட்ராசவுண்ட் தொடர வேண்டும். குணமாகி நான்கைந்து வருடம் கழித்து, பெரிய கட்டியோடு முதல்முறையாகத் திரும்பி வருபவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான்.

குணமானவருக்கு மறுபடி புதிதாகத் தொற்றவும் முடியும். முதல் தொற்று எதிர்ப்பாற்றல் எதையும் நம்பும்படி விட்டுச்செல்வதில்லை, தடுப்பூசியும் கிடையாது. டயாலிசிஸில் தொடர்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பாருங்கள். ஊசியைப் பகிர்ந்து போதைமருந்து போடுபவர்களுக்கும் அதை அவ்வப்போது பார்க்க வேண்டும். அட்டைப் பரிசோதனை இவர்களிடம் எந்த விதத்திலும் உதவாது.