எட்டாம் கிழமை அறிக்கை: பிந்திப்போன செயற்றிட்டத்தை மறைக்காமல் எழுதுவது

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வெள்ளவத்தை வாய்க்காலின் நீர்மட்டத்தை அளக்கும் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். மொத்தம் 16 கிழமைத் திட்டம். எட்டாம் கிழமை இடைக்கால அறிக்கை கொடுக்கவேண்டி வந்தபோது மூன்று கிழமை பிந்தியிருந்தோம், அந்த அறிக்கையை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, ஆரம்பத்தில் கொடுத்த முன்மொழிவை எடுத்துப் பக்கத்தில் வைப்பது. அதிலுள்ள திகதிகளில் கை வைக்காதீர்கள், பழைய திகதி தெரிந்தால்தான் எவ்வளவு பிந்தியது என்பதும் தெரியும்.

அடுத்தது முடிந்த வேலை. "சென்சர் சுற்று 90% முடிந்தது" என்று எழுதிக்கொண்டு போனோம். மேற்பார்வையாளர் சேர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "மிச்சம் பத்து எது?" என்று கேட்டார், எங்களிடம் பதில் இல்லை. பிறகு இப்படி மாற்றினோம்: "தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஆறு உயரங்களில் வைத்து அளந்தோம், அளவுநாடாவோடு வித்தியாசம் 2 செ.மீ.க்குள், அட்டவணை பின்னிணைப்பில்." இப்படிச் சோதித்துக் காட்டக்கூடியது மட்டும் இங்கே வரட்டும், அரைகுறையாக நிற்பதற்குத் தனிப் பந்தி போடுங்கள்.

திட்டத்திலிருந்து விலகியதைச் சொல்வதுதான் சிக்கலான பகுதி. "சில தொழில்நுட்பப் பிரச்சினைகளால் தாமதம்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஒன்றும் விளங்காது. என்ன நினைத்திருந்தோம், என்ன நடந்தது, ஏன், இனி அது எதைத் தொடும் என்ற வரிசையில் எழுதுங்கள். எங்களுடையது இது: நான்காம் கிழமை முடியவேண்டிய சுற்று ஏழாம் கிழமைதான் முடிந்தது. தண்ணீருக்கு மேலே நின்று மீயொலியால் தூரத்தை அளக்கும் HC-SR04 சென்சரின் முகப்பு திறந்திருப்பதால் வாய்க்கால் ஓர ஈரத்தில் அளவு தாறுமாறாக வந்தது. நீர்புகாத JSN-SR04T சென்சர் வந்துசேர இரண்டு கிழமை, இடையில் பரீட்சை ஒரு கிழமை. (பரீட்சைத் திகதி முன்பே தெரிந்ததுதான், திட்டத்தில் போடாதது எங்கள் பிழை, அதையும் எழுதினோம்.) புதிய சென்சரால் 20 முதல் 25 செ.மீ.க்குக் கிட்ட இருப்பதை அளக்க முடியாது, ஆகவே சென்சரைப் பிடித்திருக்கும் தாங்கியை இன்னும் உயரத்தில் பொருத்தவேண்டும். கடைசி வரியை விட்டிருந்தால் அடுத்த தாமதமும் திடீரென்று வந்ததுபோல இருந்திருக்கும்.

புதிய கால அட்டவணையில் எல்லோரும் செய்வது, பிந்திய மூன்று கிழமையையும் பரிசோதனையிலிருந்து வெட்டுவது. அதைச் செய்யாதீர்கள். எதைக் குறைக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். நாங்கள் கருவியைப் பொருத்துவதை 5–6இலிருந்து 8–9ஆம் கிழமைக்கும், தரவு சேகரிப்பை 7–10இலிருந்து 10–12க்கும் தள்ளினோம், அதாவது தரவு நான்கு கிழமைக்குப் பதில் மூன்று. கைபேசிச் செயலியைக் கைவிட்டு, குறுஞ்செய்தி எச்சரிக்கை மட்டும் போதும் என்றோம். 13–14 பரிசோதனையும் 15–16 அறிக்கையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு வரியிலும் பழைய கிழமை, புதிய கிழமை, பொறுப்பானவர் பெயர் என்று பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், அதோடு அனுப்புவதற்கு முன் பெயருக்குரியவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். தாங்கி தன் பொறுப்பு என்பது எங்கள் நண்பனுக்கு அறிக்கையைப் பார்த்துத்தான் தெரிந்தது.