விளக்கு அணைந்ததும் பீட்சாவை உள்ளே வைக்காதீர்கள்

நான் முதன்முதலில் சுட்ட பீட்சாவுக்கு மேலே சீஸ் பொன்னிறமாகக் கொப்பளித்தது. அடியைத் தூக்கிப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று அரைவேக்காட்டுச் சப்பாத்தி மாதிரி இருந்தது. ஓடிஜி மின் அடுப்பு 250 டிகிரியில்தான் இருந்தது. ஆனால் பீட்சாவை வைத்த ட்ரே மட்டும் அதுவரை சமையல் மேடையில் சும்மா கிடந்தது. தோசைக்கல் காய்வதற்குள் மாவை ஊற்றினால் என்ன ஆகுமோ, அதேதான் ஆனது.

இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்து விறகடுப்பில் சூடு 430 டிகிரிக்கு மேல் இருக்கும். அங்கே ஒன்றரை நிமிடத்துக்குள் பீட்சா வெந்துவிடும். நம் ஓடிஜி பெரும்பாலும் 250 தாண்டாது. அதனால் அடியில் வைக்கும் பீட்சா ஸ்டோன் என்ற தட்டைக் கல்லையோ, தோசைக்கல்லையோ, ட்ரேயையோ நன்றாகக் காயவைத்து, அதில் ஏறிய சூட்டை மாவுக்குக் கொடுக்க வேண்டும்.

1. மாவு

இரண்டு 9 இஞ்ச் பீட்சாவுக்கு: மைதா 250 கிராம், தண்ணீர் 160 மில்லி, உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், எண்ணெயும் சர்க்கரையும் தலா ஒரு டீஸ்பூன். நேப்பிள்ஸ் மாவில் எண்ணெயோ சர்க்கரையோ கிடையாது. நம் அடுப்பில் வேக நேரமெடுக்கும் என்பதால், காய்ந்து போகாமல் இருக்க எண்ணெய், சீக்கிரம் சிவக்கச் சர்க்கரை. பத்து நிமிடம் பிசைந்து மூடி வைத்து, இரண்டு மடங்காக உப்பியதும் இரண்டு உருண்டையாக்கி, இன்னும் அரைமணி நேரம் விடுங்கள்.

2. கல்லைக் காயவைப்பது

உருண்டைகளை மூடி வைத்த கையோடு அடுப்பைப் போடுங்கள். நடுத்தட்டில் கல், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரிய, சூடு உச்சத்தில்.

பலர் ஏமாறுவது இங்கேதான். பல ஓடிஜிகளில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடேறுவதைக் காட்டும் விளக்கு அணைந்துவிடும். உள்ளே இருக்கும் காற்று 250 டிகிரியைத் தொட்டுவிட்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். கல் இன்னும் பாதி கூடக் காய்ந்திருக்காது. பீட்சா ஸ்டோனுக்கு 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வேண்டும். மாவு பொறுத்திருக்கும், கவலை வேண்டாம்.

ஸ்டோன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பிடியில்லாத கனமான இரும்புத் தோசைக்கல் ஓடிஜிக்குள் நுழையுமானால் அது அருமையாக வேலை செய்யும். இரும்பு சூட்டை வேகமாக மாவுக்குத் தள்ளும். அரைமணி நேரம் காய்ந்தால் போதும். சுற்றிலும் ஒரு இஞ்ச் இடைவெளி இருக்கட்டும், காற்று சுழல வேண்டும். நான்ஸ்டிக் கல் வேண்டாம். இரண்டும் இல்லையா, ஓடிஜியோடு வந்த ட்ரேயையே கவிழ்த்து வைத்து 20 நிமிடம் காயவிடுங்கள்.

ஸ்டோனைக் குளிர்ந்த அடுப்பிலேயே வைத்து அடுப்போடு சேர்த்துச் சூடாக்குங்கள். சுட்டுக்கொண்டிருக்கும் கல்லில் ஈரம் பட்டால் விரிசல் விழும்.

3. உள்ளே தள்ளுவது

மாவை விரல்களால் நடுவிலிருந்து வெளியே தட்டி விரியுங்கள். கட்டை வைத்துத் தேய்த்தால் ஓரம் உப்பாது. ரவை தூவிய பலகையின் மேல் வைத்து, மூன்று ஸ்பூன் தக்காளி சாஸ், 80 கிராம் சீஸ். அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். காளானும் தக்காளித் துண்டும் தண்ணீர் விடும், காளானை முன்பே வதக்கிக்கொள்ளுங்கள். பலகையை ஆட்டிப் பாருங்கள், பீட்சா நழுவ வேண்டும். நழுவாவிட்டால் ஓரத்தைத் தூக்கி இன்னும் கொஞ்சம் ரவை.

கதவைத் திறந்து, கல்லின் பின் ஓரத்தில் பலகையை வைத்து வெடுக்கென்று பின்னால் இழுங்கள். உடனே மூடுங்கள்.

4. வேகும் நேரம்

ஸ்டோனில் 7 முதல் 9 நிமிடம், இரும்புக் கல்லில் 6 முதல் 8, கவிழ்த்த ட்ரேயில் 10 முதல் 12. இது தோராயம்தான். நாலாவது நிமிடத்தில் இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். அங்கங்கே பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்திருந்தால் கல் சரியாகக் காய்ந்திருக்கிறது. வெளுப்பாகவே இருந்தால், கீழ்க் கம்பியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் கூடுதலாக விடுங்கள். அடி சிவந்து மேலே சீஸ் உருகியதோடு நின்றுவிட்டால், கடைசி இரண்டு நிமிடம் மேல் கம்பியை மட்டும் எரியவிடுங்கள். அப்போது கண்ணாடியை விட்டு நகராதீர்கள், சீஸ் கருக அரை நிமிடம் போதும்.

முதல் பீட்சா கல்லின் சூட்டை உறிஞ்சியிருக்கும். இரண்டாவதை வைக்கும் முன் மூடிய அடுப்பில் பத்து நிமிடம் கல் மறுபடி காயட்டும். அதுவரை முதல் பீட்சாவைத் தட்டில் போடாமல் கம்பி வலைமேல் வையுங்கள். தட்டில் போட்டால் ஆவி அடியில் வியர்த்து, மொறுமொறுப்பு இரண்டே நிமிடத்தில் போய்விடும்.